காலக்கோடு போடாமல் கணக்கைத் தொடாதீர்கள்: முதல்முறை படிப்பவர்களுக்கு

பணத்தின் கால மதிப்புக் கணக்குகளில் தப்பு பெரும்பாலும் சூத்திரத்தில் நடப்பதில்லை. சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, எந்தத் தொகை எந்த நாளில் நிற்கிறது என்று முடிவு செய்யும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. கால்குலேட்டர் சரியாகத்தான் பெருக்கித் தருகிறது. ஆனால் ஓராண்டு தள்ளி நிற்கும் தொகையை வைத்துப் பெருக்கினால் அந்தச் சரியான பெருக்கல் எதற்கும் உதவாது. அதனால் கேள்வியைப் படித்தவுடன் ஒரு கோடு போட்டு, தொகைகளை அதன் மேல் நிறுத்திய பிறகுதான் சூத்திரத்துக்குப் போக வேண்டும். ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்ப்போம்.

கணக்கு இது. சென்னையில் ஒரு குடும்பம். மகள் இந்த ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான்கு ஆண்டு பொறியியல் படிப்பு. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ரூ. 1,50,000, ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் கட்ட வேண்டும். டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 7% கூட்டுவட்டி கிடைக்கிறது. இன்றைக்கே மொத்தமாக எவ்வளவு போட்டு வைத்தால் நான்கு கட்டணமும் அதிலிருந்தே சரியாகத் தீரும்? மொத்தமாகப் போட முடியாவிட்டால், இன்று தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை நான்கு தடவை எவ்வளவு போட வேண்டும்?

கோட்டைப் போடுதல்

முதலில் அலகை முடிவு செய்யுங்கள். இங்கே கட்டணமும் ஆண்டுக்கு ஒருமுறை, வட்டியும் ஆண்டுக்கு ஒருமுறை. எனவே ஓர் இடைவெளி என்றால் ஓர் ஆண்டு. தாளைக் குறுக்குவாட்டில் திருப்பி, அளவுகோலால் நீளமாக ஒரு கோடு போட்டு, சம தூரத்தில் சிறு குத்துக்கோடுகள் இடுங்கள். இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்பது அழகுக்காக இல்லை. தொகை எதுவும் வராத ஆண்டுகளுக்கும் கோட்டில் இடம் விட வேண்டும் என்பதற்காக. "இந்த மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லையே" என்று சுருக்கிப் போட்டால் பிறகு எண்ணும்போது ஆண்டுகள் காணாமல் போகும்.

இப்போது எண்கள். 0, 1, 2, 3 என்பவை இடைவெளிகளுக்குள் போக வேண்டியவை அல்ல, குத்துக்கோடுகளுக்கு நேர் மேலே உட்கார வேண்டியவை. இதைத் தவறவிட்டால் மேற்கொண்டு செய்வது எல்லாமே தவறும். மின்சார ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம்: ஐந்து ஸ்டேஷன், நடுவே நான்கு ஓட்டம். பணம் ஏறுவதும் இறங்குவதும் ஸ்டேஷனில்தான். வட்டி சேர்வது ஓட்டத்தில். எழும்பூர் 0 என்றால் மாம்பலம் 4. அதாவது, ஓர் எண் ஒரு கணத்தைக் குறிக்கிறது, ஓர் ஆண்டைக் குறிப்பதில்லை. "முதலாம் ஆண்டு" என்பது 0-க்கும் 1-க்கும் நடுவே உள்ள இடைவெளி. "1" என்பது அந்த ஆண்டு முடிகிற கணம். அதே கணம்தான் இரண்டாம் ஆண்டின் தொடக்கமும்.

கேள்வித்தாள்களில் வரும் சொற்றொடர்களை இதை வைத்துத்தான் புள்ளியாக மாற்ற வேண்டும். "மூன்றாம் ஆண்டின் முடிவில்" என்றால் புள்ளி 3. "நான்காம் ஆண்டின் தொடக்கத்தில்" என்றாலும் புள்ளி 3-தான். "இன்றிலிருந்து மூன்று ஆண்டு கழித்து" என்றாலும் அதே 3. மூன்று விதமாகச் சொன்னாலும் இடம் ஒன்றே. "உடனே", "இன்று" என்றால் 0. "ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும்" என்றால் முதல் தவணை 1-இல். "ஒவ்வோர் ஆண்டு தொடக்கத்திலும்" என்றால் முதல் தவணை 0-இல். கேள்வி வாய் திறக்காமல் "ஆண்டுதோறும் கட்டுகிறார்" என்று மட்டும் சொன்னால், பாடப்புத்தக வழக்கம் ஆண்டு இறுதி. கடன் தவணைகளும் பெரும்பாலும் அப்படித்தான்: கடன் வாங்கி ஒரு மாதம் கழித்தே முதல் இ.எம்.ஐ. சேமிப்புத் தவணை, வாடகை, பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம் ஆகியவை பெரும்பாலும் தொடக்கத்தில் கட்டுபவை. கேள்வி எதைப் பற்றியது என்று பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

நம் கணக்குக்கு வருவோம். எண்ணுக்குக் கீழே இன்னொரு வரியில் அது எந்தக் கணம் என்று நடைமுறைப் பெயரில் எழுதுங்கள். 0 என்பது ஒன்பதாம் வகுப்புத் தொடக்கம், அதாவது இன்று. 1 பத்தாம் வகுப்புத் தொடக்கம். 2 பதினொன்றாம் வகுப்பு. 3 பன்னிரண்டாம் வகுப்பு. 4 கல்லூரி முதலாண்டுத் தொடக்கம். பிறகு 5, 6, 7 முறையே இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுத் தொடக்கங்கள். இந்த இரண்டாவது வரியை வீண் வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் "கல்லூரி ஐந்தாவது வருஷம் ஆரம்பிக்கிறது, எனவே 5" என்ற தப்பு இந்த வரியை எழுதும்போதே பிடிபட்டுவிடும். ஐந்தாவது ஆண்டு என்பது உண்மைதான், ஆனால் அது தொடங்குகிற கணம் 4.

```
0      1      2      3      4      5      6      7
|------|------|------|------|------|------|------|
-?                          +150   +150   +150   +150
```

தொகைகள் ஆயிரம் ரூபாயில். 7-க்கு மேல் கோடு தேவையில்லை. படிப்பு 8-இல் முடிகிறது என்றாலும் அங்கே பணம் எதுவும் நகர்வதில்லை. கோடு கடைசித் தொகையோடு நின்றுவிடலாம்.

கூட்டலும் கழித்தலும் யாருடைய பார்வையில்?

கட்டணம் நம் கையை விட்டுப் போகிறது, டெபாசிட்டும் நம் கையை விட்டுப் போகிறது. அப்படியானால் இரண்டுமே கழித்தல்தானே என்று தொடக்கத்தில் குழப்பம் வரும். இரண்டையும் கழித்தலாகப் போட்டால் கணக்கு எங்கும் சமனாகாது. தீர்வு எளிது. இந்தக் கோடு எதைப் பற்றியது என்று ஒரு வரி தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: "நமக்கும் டெபாசிட்டுக்கும் இடையே நகரும் பணம்". அப்படிப் பார்த்தால் டெபாசிட்டில் போடுவது நம்மிடமிருந்து போவது, கழித்தல். டெபாசிட்டிலிருந்து எடுப்பது நமக்கு வருவது, கூட்டல். எடுத்த பணத்தைக் கல்லூரியில் கட்டுகிறோமா, வேறெங்கும் கட்டுகிறோமா என்பது இந்தக் கோட்டின் கவலை இல்லை. ஒரு கோட்டில் ஒரு பார்வைதான். பாதியில் மாற்றக் கூடாது.

கோட்டின் மேல் ஓரத்தில் வட்டி வீதத்தையும் எழுதுங்கள்: "ஓர் இடைவெளிக்கு 7%". வெறும் "7%" என்று எழுதாதீர்கள். வங்கி 7% என்று சொல்லி வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால், ஓராண்டு இடைவெளிக்கு உண்மையில் கிடைப்பது 1.0175-ஐ நான்கு முறை பெருக்கி வருவது, அதாவது 7.19%. ஆண்டுக் கோட்டில் போட வேண்டியது அந்த எண்தான். நம் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறைதான் சேர்கிறது என்று கொடுத்திருப்பதால் 7% அப்படியே நிற்கும்.

சூத்திரம் பணத்தை எந்தப் புள்ளியில் இறக்கிவிடுகிறது?

தெரியாத தொகை 0-இல் நிற்கிறது. தெரிந்தவை 4 முதல் 7 வரை. வெவ்வேறு புள்ளிகளில் நிற்கும் தொகைகளைக் கூட்டவோ ஒப்பிடவோ முடியாது. எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். நான்கு தொகைகளையும் தனித்தனியே 0-க்கு இழுக்கலாம்: முதலாவதை 1.07-இன் நான்காம் அடுக்கால் வகுத்து, அடுத்ததை ஐந்தாம் அடுக்கால், அப்படியே ஏழு வரை. முதல்முறை படிப்பவர்கள் ஒரு தடவையாவது இப்படி நீளவழியில் செய்துவிடுவது நல்லது. ஒரே அளவுத் தவணைகள் என்பதால் சுருக்குவழியும் உண்டு, தவணை வரிசைக்கான இன்றைய மதிப்புச் சூத்திரம்:

```
150000 × [1 − 1/(1.07)^4] / 0.07 = 508081.69
```

இந்த 5,08,082 ரூபாய் எந்தப் புள்ளியில் நிற்கிறது? "இன்றைய மதிப்புச் சூத்திரம்" என்ற பெயரைப் பார்த்து 0 என்று நினைப்பவர்கள் உண்டு. "முதல் கட்டணம் 4-இல்தானே, எனவே 4" என்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டும் தவறு. அது நிற்பது 3-இல்.

காரணம் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. அடைப்புக்குள் இருப்பதை 0.07-ஆல் வகுத்து விரித்து எழுதினால் 1/1.07, அதோடு 1/1.07-இன் இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு, நான்காம் அடுக்கு என்று நான்கு உறுப்புகளின் கூட்டல் கிடைக்கும். முதல் தவணையையே அது ஒருமுறை 1.07-ஆல் வகுத்துவிடுகிறது. அதாவது முதல் தவணையும் ஓர் இடைவெளி பின்னால் இழுக்கப்படுகிறது. ஆகவே விடை எப்போதும் முதல் தவணைக்கு ஒரு புள்ளி முன்னால் போய் நிற்கும். முதல் தவணை 1-இல் இருந்தால் விடை 0-இல், அதனால்தான் பெயரும் பொருந்தியது. முதல் தவணை 4-இல் இருந்தால் விடை 3-இல்.

கோட்டில் 3-க்கு மேல் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டு 508 என்று எழுதிவிடுங்கள். எழுதியபின் அந்த நான்கு கட்டணங்களையும் அடித்துவிடலாம். அவற்றின் இடத்தை இந்த ஒரே தொகை எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இருப்பது 3-இலிருந்து 0-க்கு மூன்று இடைவெளி:

```
508081.69 / (1.07)^3 = 414746
```

இன்று போட வேண்டியது ரூ. 4,14,746.

நான்கு என்று எண்ணி 1.07-இன் நான்காம் அடுக்கால் வகுத்திருந்தால் 3,87,613 வந்திருக்கும். பார்த்தால் நியாயமான எண்ணாகத்தான் தெரியும், சந்தேகம் வராது. ஆனால் இன்றைக்கே ரூ. 27,133 குறைவு. கடைசி ஆண்டுக் கட்டணம் கட்டும் நாளில்தான் துண்டு விழுவது தெரியும். அதுவும் அதே 27,133 இல்லை, ஏழாண்டு வட்டியோடு பெருகி ஏறத்தாழ 43,570 ரூபாயாக.

இன்னொரு எண்ணும் தப்பு உண்டு: 4 முதல் 7 வரை என்றால் 7-இல் 4 போக 3 தவணை என்று போடுவது. புள்ளிகளை எண்ணும்போது கழித்துவிட்டு ஒன்று கூட்ட வேண்டும். இடைவெளிகளை எண்ணும்போது கழித்தால் போதும். தவணை புள்ளியில் நிற்பது, வட்டி இடைவெளியில் ஓடுவது என்பதால் ஒரே கணக்கில் இரண்டு வித எண்ணலும் தேவைப்படும். விரலால் தொட்டு எண்ணுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

விடையைச் சோதித்தல்

விடை சரியா என்று பார்க்கப் பின்பக்க விடைத்தாள் தேவையில்லை. பாஸ்புக் போல ஓட்டிப் பாருங்கள். 4,14,746 நான்கு ஆண்டு வளர்ந்தால் 5,43,647. புள்ளி 4-இல் 1,50,000 எடுத்தால் மீதி 3,93,647. ஓராண்டு வட்டியோடு 4,21,203; எடுத்தால் 2,71,203. அடுத்து 2,90,187, எடுத்தால் 1,40,187. அது ஓராண்டில் 1,50,000 ஆகிறது. கடைசிக் கட்டணத்தைக் கட்டினால் கணக்கு பூஜ்யம். ஓரிரு ரூபாய் ரவுண்டிங்கில் போகலாம். ஆயிரக்கணக்கில் மிஞ்சினாலோ துண்டு விழுந்தாலோ ஏதோ ஒரு தொகை தவறான புள்ளியில் நிற்கிறது என்று பொருள். உங்கள் விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள விகிதம் சரியாக 1.07 என்றால் ஒரே ஒரு புள்ளிதான் தள்ளிப்போயிருக்கிறது.

தவணையாகப் போட்டால்

இப்போது இரண்டாவது கேள்வி. இன்று தொடங்கி நான்கு தடவை என்றால் புள்ளிகள் 0, 1, 2, 3. புதுக் கோடு போட்டு முழுதாக எழுதுங்கள்:

```
0      1      2      3      4      5      6      7
|------|------|------|------|------|------|------|
-A     -A     -A     -A     +150   +150   +150   +150
```

எதிர்கால மதிப்புச் சூத்திரமும் ஒரு குறிப்பிட்ட புள்ளியில்தான் பணத்தை இறக்கும். அது இறங்கும் இடம் கடைசித் தவணை நிற்கும் அதே புள்ளி; அதற்கு ஒன்று அடுத்தது அல்ல. கடைசித் தவணைக்கு வட்டியே சேராமல்தான் அந்தச் சூத்திரம் கூட்டுகிறது. இங்கே கடைசித் தவணை 3-இல். கட்டணங்களின் மதிப்பும் 3-இல்தான் வட்டத்துக்குள் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே ஸ்டேஷனில் சந்திக்கின்றன. மேற்கொண்டு எதையும் நகர்த்த வேண்டியதில்லை. எல்லாவற்றையும் 0-க்கே கொண்டுபோயாக வேண்டும் என்ற விதி எங்கும் கிடையாது. எந்தப் புள்ளி வசதியோ அங்கே ஒப்பிடலாம்.

```
A × [(1.07)^4 − 1] / 0.07 = 508081.69
A × 4.439943 = 508081.69
A = 114434
```

ஆண்டுக்கு ரூ. 1,14,434. அதே குடும்பம் "வருஷக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்" என்று 1, 2, 3, 4 ஆகிய புள்ளிகளில் போட்டால், தவணைகள் 4-இல் இறங்கும். அங்கே தேவைப்படுவது 5,43,647. தவணை 1,22,445 ஆகிவிடும். ஒவ்வொரு தவணையும் ஏறத்தாழ ரூ. 8,010 கூடுதல். "தொடக்கத்தில்", "இறுதியில்" என்ற ஒரு சொல்லின் விலை அவ்வளவு. இதில் புள்ளி 4-ஐக் கவனியுங்கள். அங்கே ஒரு தவணை உள்ளே போகிறது, ஒரு கட்டணம் வெளியே வருகிறது. இரண்டையும் கழித்து நிகரத் தொகையாக ஒன்றை மட்டும் எழுதாமல், குத்துக்கோட்டின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தனித்தனியே எழுதுங்கள். சேர்த்துவிட்டால் இரண்டு சீரான வரிசைகளும் உடைந்து, சுருக்குச் சூத்திரம் எதற்கும் பொருந்தாமல் போகும்.

கட்டணம் ஆண்டுதோறும் ஏறினால்? அப்போது நான்கு தொகையும் ஒரே அளவு இல்லை, மேற்சொன்ன சூத்திரம் செல்லாது. ஆனால் கோடு மாறாது. ஒவ்வொரு புள்ளியிலும் அதற்குரிய தொகையை எழுதி, ஒவ்வொன்றாக 0-க்கு இழுத்துக் கூட்ட வேண்டியதுதான்.

நகைச் சீட்டு: ஒரு மாதத்தின் வித்தியாசம்

மாதக் கோட்டுக்கு ஒரு பயிற்சி. தி.நகர்ப் பக்கம் கேள்விப்பட்டிருப்பீர்கள்: பதினொரு மாதம் நீங்கள் கட்டுங்கள், பன்னிரண்டாவது தவணையைக் கடை போடும். மாதம் ரூ. 5,000 என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது 55,000, நகை வாங்கக் கிடைப்பது 60,000. "ஐயாயிரம் லாபம், 55,000-க்கு 9.09%" என்று மனக்கணக்குப் போடுபவர்கள் பல பேர். கோடு போட்டால் வேறு எண் வருகிறது.

இன்று முதல் தவணை கட்டுகிறீர்கள் என்றால் அது புள்ளி 0. பதினோராவது தவணை புள்ளி 10-இல், 11-இல் அல்ல. நகை எப்போது? கடை "பன்னிரண்டாவது மாதம் வாங்கிக்கொள்ளலாம்" என்றால் அந்த மாதம் தொடங்குவது புள்ளி 11. "பன்னிரண்டு மாதம் நிறைந்த பிறகு" என்றால் புள்ளி 12. இதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வித்தாளானால் வரியை மறுபடி படிக்க வேண்டும்.

வீதத்தைக் கண்டுபிடிக்கும் எக்ஸெல் சூத்திரம் கீழே வருகிறது; விடையை மட்டும் இப்போது பாருங்கள். புள்ளி 11 என்றால் மாதத்துக்கு 1.44%, பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 17.3%. புள்ளி 12 என்றால் மாதத்துக்கு 1.24%, ஆண்டுக்கு 14.9%. ஒரே ஒரு புள்ளி தள்ளியதில் இவ்வளவு. இரண்டுமே 9.09%-ஐ விட அதிகமாக இருப்பது ஏன் என்று கோட்டைப் பார்த்தாலே தெரியும். நகை 11-இல் என்றால், முதல் தவணை மட்டும்தான் பதினொரு மாதம் கடையில் இருக்கிறது. கடைசித் தவணை ஒரே மாதம். சராசரியாக ஒரு தவணை ஆறு மாதம்தான் வெளியே நிற்கிறது. ஆறு மாதத்தில் 9.09% என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ அதன் இரட்டிப்பு.

உடனே ஓடிப்போய்ச் சேர வேண்டாம். புள்ளி 11-இல் எழுதிய +60,000 பணமாக வருவதில்லை. கடை சொல்லும் விலையில் நகையாக வருகிறது. சேதாரம், செய்கூலி வேறு இடத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த அளவு குறைத்துத்தான் எழுத வேண்டும். அதே நகை வெளியே 58,000-க்குக் கிடைக்கும் என்றால் அங்கே போட வேண்டியது 58,000. அப்போது வீதம் மாதத்துக்கு 0.88%, ஆண்டுக்கு 10.6% என்று இறங்கிவிடும். கோட்டில் எழுதும் தொகை விளம்பரத்தில் இருப்பதாக அல்லாமல், உண்மையில் கைக்கு வரும் மதிப்பாக இருக்க வேண்டும்.

எக்ஸெலில் செய்யும்போது

கோட்டை அப்படியே ஒரு வரிசைக் கட்டங்களாக வைக்கலாம். B1 முதல் I1 வரை 0, 1, 2 என்று 7 வரை. B2 முதல் I2 வரை தொகைகள். கல்லூரிக் கணக்கில் F2 முதல் I2 வரை 150000. B2, C2, D2, E2 ஆகியவற்றில் 0 என்று தட்டுங்கள், காலியாக விடாதீர்கள். பிறகு:

```
=NPV(7%,C2:I2)
```

இது 414746 தரும். C2-இலிருந்து தொடங்கியிருப்பதைக் கவனியுங்கள். `NPV` தனக்குக் கொடுத்த முதல் தொகை புள்ளி 1-இல் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். B2-ஐயும் சேர்த்துக் கொடுத்தால் எல்லாம் ஒரு புள்ளி தள்ளிப்போய் 387613 வரும். மேலே பார்த்த அதே தவறான எண், வேறு வாசல் வழியாக. 0-இல் தொகை ஏதும் இருந்தால் அதைச் சூத்திரத்துக்கு வெளியே தனியாகக் கூட்ட வேண்டும்: `=B2+NPV(7%,C2:I2)`.

காலிக் கட்டம் இதைவிட மோசம். `NPV`, வட்டி வீதத்தைக் கண்டுபிடிக்கும் `IRR` இரண்டும் காலிக் கட்டங்களைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாமல் தாண்டிப் போய்விடும். C2, D2, E2 காலியாக இருந்தால் கட்டணங்கள் 1, 2, 3, 4-இல் இருப்பதாக நினைத்து 508082 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. நகைச் சீட்டில் புள்ளி 12-ஐ எடுத்துக்கொண்டு, பணம் நகராத புள்ளி 11-ஐக் காலியாக விட்டாலும் இதே கதைதான்: `IRR` 1.24%-க்குப் பதில் 1.44% என்று சொல்லும்.

தவணைச் சூத்திரங்களையே நேராகப் போட விரும்பினால்:

```
=PV(7%,4,150000)
=PV(7%,3,0,508081.69)
=PMT(7%,4,0,508081.69)
=RATE(11,-5000,0,60000,1)
```

முதல் மூன்றும் கழித்தல் குறியோடு விடை தரும். பிழை இல்லை, நீங்கள் உள்ளே போட வேண்டிய பணம் என்று பொருள். கோட்டில் நாம் போட்ட குறியும் அதுதான். கடைசியில் உள்ள 1, தவணைகள் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் கட்டப்படுகின்றன என்பதைச் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் இறுதியில் கட்டுவதாக எடுத்துக்கொள்ளும். `RATE` தருவது மாத வீதம். கட்டத்தில் 1% என்று மட்டும் தெரிந்தால் தசம இடங்களைக் கூட்டிப் பாருங்கள்.

செமஸ்டருக்கு ஒருமுறை கட்டணம் என்றால்

இதை நீங்களே கோடு போட்டுப் பார்க்கலாம். அலகு அரையாண்டாகிவிடும். கட்டணம் ஒரு தடவைக்கு 75,000, எட்டுத் தடவை. கல்லூரி தொடங்குவது எட்டு அரையாண்டு கழித்து, ஆகவே தவணைகள் 8 முதல் 15 வரை. ஓர் இடைவெளிக்கு வட்டி 3.5% என்று பாதியாக்கிவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை 7% என்று கொடுத்திருப்பதால் 1.07-இன் வர்க்கமூலம் எடுத்து 3.44% என்று போட வேண்டும். சூத்திரம் பணத்தை 7-ஆம் புள்ளியில் இறக்கும். அங்கிருந்து ஏழு இடைவெளி பின்னால் இழுத்தால் இன்று போட வேண்டியது சுமார் ரூ. 4,07,850. ஆண்டுக் கட்டணத்துக்கு வந்த 4,14,746-ஐ விடக் குறைவாக இருப்பது சரிதான்: கட்டணத்தில் பாதி அரையாண்டு தாமதமாக வெளியே போகிறது. உங்கள் விடை அதைவிடக் கூடுதலாக வந்தால், முதல் தவணை 8-க்கு முன்னால் எங்கோ நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.